சிவப்பைத் தொட்ட காந்தாக்கா

எங்க பட்டுக்கடையில ஆன்லைன் வியாபாரத்தைப் பார்த்துக்கிறது நான். கடை கம்ப்யூட்டர்ல பிரவுசரை மூணு கலர் ஜன்னலாப் பிரிச்சு வெச்சிருக்கேன். பச்சை வேலைக்கு, கடை வெப்சைட்டை நடத்துற லாகின் அதுல மட்டும்தான். நீலம் என் சொந்த விஷயத்துக்கு. சிவப்பு சோதனைக்கு. வெப்சைட்டுக்கு அச்சு அசலா ஒரு நகல் இருக்குது, எதை மாத்தினாலும் முதல்ல அங்க மாத்தி, பொய்ப் பேருல நாலு ஆர்டர் போட்டுப் பார்ப்பேன். ஒரு ஜன்னல்ல போட்ட லாகின் இன்னொண்ணுக்குத் தெரியாது.

முன்னெல்லாம் எல்லாம் ஒரே ஜன்னல்தான். நகல்னு நெனச்சு நிஜத்துலயே கைவெச்சு, "டெஸ்ட் சேலை"ன்னு ஒரு சேலை ரெண்டு நாளா ஊருக்கே தெரிஞ்சுது. மொதலாளி ஆதிகேசவன் விட்ட டோஸ் இன்னும் காதுல இருக்குது. அப்புறம்தான் பிரிச்சேன். பிரிச்சதுல எனக்குக் கொஞ்சம் திமிரும் வந்துடுச்சு, ஒத்துக்கறேன்.

என் தங்கச்சி இளவரசிக்குத் தை மாசம் கல்யாணம். எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குவா. புதன்கிழமை காலையில ஒரு அரக்குச் சேலை போட்டோ அனுப்பினேன், மாம்பழ மஞ்சள் பார்டர். உடனே போன் பண்ணிட்டா. "அக்கா, இதுதான். வேற எதையும் காட்டாத" என்றாள். தறியில அந்தப் பாவு நூல் முடிஞ்சுபோச்சு, இனி அதே மாதிரி நெய்ய முடியாது, இருக்கிறது அந்த ஒண்ணுதான். மதியம் சாப்பிட்டு வந்ததும் நீலத்துல, எல்லாரையும் மாதிரி, என் பேருலயே வாங்கிட்டேன். "ஸ்டாக் இல்லை"ன்னு வெப்சைட் காட்டினப்போ அப்படி ஒரு சந்தோஷம்.

நாலு மணிக்கு வாலாஜாபாத்துலேர்ந்து ஜோதிகான்னு ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு.

"மேடம், காலையில உங்க கடை காந்தாக்கா வீடியோ கால்ல அரக்குச் சேலை காட்டினாங்க. புக் பண்ணிட்டேன்னாங்க. இன்னும் மெசேஜே வரல. பத்து நாள்ல முகூர்த்தம் மேடம்."

நான் தங்கச்சிக்கு வாங்கின அதே சேலை. பச்சையில தேடினேன், அந்தப் பேருல ஆர்டரே இல்ல. சிவப்பைத் திறந்தேன். ஜோதிகா, வாலாஜாபாத், பதினொண்ணு பத்துக்குப் போட்ட ஆர்டர். நகல்லேர்ந்து யாருக்கும் மெசேஜ் போகக்கூடாதுன்னு நானேதான் நிறுத்தி வெச்சிருந்தேன்.

காந்தாக்கா கவுண்டர்ல இருக்கிறவங்க, இருபத்திரெண்டு வருஷமா சேலை விரிக்கிறாங்க. கையைப் பிடிச்சு இழுத்துக்கினு வந்தேன்.

"அக்கா, இதுல ஏன் போட்டீங்க?"

"நீதானேம்மா சொன்ன, வீடியோ கால் ஆர்டரை நானே போடலாம்னு?"

"பச்சையில போடணும்கா!"

"எப்போ சொன்ன? திறந்தா மூணு கலர் வந்து நின்னுது. முகூர்த்தச் சேலை. நல்ல காரியத்துக்குச் சிவப்பைத் தொடாம வேற எதைத் தொடுவாங்க?"

கத்த வாயைத் திறந்தவ ஸ்கிரீனைப் பார்த்தேன். மூணுக்கும் பேரு எழுதித்தான் இருந்துச்சு, ஆனா இங்கிலீஷ்ல. அக்காவுக்குத் தமிழ்தான் படிக்க வரும். சிவப்புன்னா கை வைக்காதேன்னு நான் காலேஜ்ல படிச்சது. இந்தக் கடையில சிவப்பைத்தான் முதல்ல விரிக்கிறாங்க. ரெண்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யோசிக்கல, மடச்சி.

அதுக்குள்ள மொதலாளி எட்டிப் பார்த்தார். போன மாசம் பார்சல் மாறிப்போனதுக்கு, "இன்னொருவாட்டி ஆச்சுன்னா வீட்டோட இருந்துக்கோ"ன்னு காந்தாக்காவைச் சொன்னவர் அவர். அக்கா முகம் வெளுத்துப்போச்சு.

"என்ன சந்தியா?"

"ஒண்ணுமில்ல சார். ஒரு மெசேஜ் லேட்டாயிடுச்சு."

அவர் போனதும் அக்கா மெதுவாக் கேட்டாங்க. "நெஜக் கடையில அந்தச் சேலை இருக்குதாம்மா?"

"யாரோ வாங்கிட்டாங்க."

அக்கா அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. "என் வாக்கை நம்பித்தானேம்மா அந்தப் பொண்ணு இருக்குது" என்றாங்க. வேலை போயிடும்னு ஒரு வார்த்தை சொல்லல.

எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. யார்மேலன்னு கேட்டா சொல்லத் தெரியல. என் தங்கச்சிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குது, அந்தப் பொண்ணுக்குப் பத்து நாள். கணக்கு அவ்வளவுதான், ஆனா மனசு கேக்கல.

முதல்ல பச்சையில போய், வேற யாரும் கொத்திக்கினு போகாம அந்தச் சேலையை வெப்சைட்லேர்ந்து மறைச்சேன். நீலத்துக்கு வந்து என் ஆர்டரை ரத்து பண்ணப் போனேன். காரணம் கேட்டு, தொடுறதுக்கு நாலு கட்டம் காட்டுச்சு. அந்தக் கட்டங்களை வெச்சதும் நான்தான். "தவறுதலாக வாங்கிவிட்டேன்" என்கிறதைத் தொட்டேன். திரும்பப் பச்சை. ஜோதிகா, வாலாஜாபாத்னு ஆர்டரைப் போட்டேன். ரெண்டு நிமிஷத்துல அந்தப் பொண்ணு போன் பண்ணி, "மெசேஜ் வந்துடுச்சு மேடம்" என்றது.

சோதனை ஜன்னலைச் சாம்பல் நிறமா மாத்தினேன். பேரைத் தமிழ்ல "பொய்க் கடை"ன்னு வெச்சேன். பச்சைக்கு "நம்ம கடை".

காந்தாக்கா கண்ணைத் துடைச்சுக்கினாங்க. "எந்த மகராசி விட்டுக்கொடுத்தாளோ, அவ குடும்பம் நல்லா இருக்கட்டும்."

மேஜைமேல என் போன் அடிச்சுது. இளவரசி. காந்தாக்கா நகர்ற வரைக்கும் காத்திருந்து எடுத்தேன்.

"அக்கா, என் சேலையை எடுத்து வெச்சுட்டியா? மாமியார்கிட்ட போட்டோ காட்டிட்டேன்!"