பலகையில் போட்ட கணக்கு

எங்கள் பேராசிரியைக்கு ஸ்லைடு என்றால் தலைப்பும் படமும் மட்டும்தான். முக்கியமான கணக்கு வரும் இடத்தில் ஸ்லைடில் "பலகையில்" என்று ஒற்றை வார்த்தை இருக்கும். மீதியைச் சாக்பீஸை எடுத்துப் போட்டுக் காட்டுவார். வகுப்புக்கு வந்தவர்கள் எழுதிக்கொள்வார்கள். வராதவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

புள்ளியியல் பாடத்துக்கு நான் உதவி ஆசிரியை. தேர்வுக்கு முன்னால் எல்லா ஸ்லைடையும் சுருக்கி மீள்பார்வைத் தொகுப்பு ஒன்று தயார் செய் என்று அவர்தான் சொன்னார். ராப்பகல் பாராமல் செய்தேன். கூடவே மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். "இந்தத் தொகுப்பு ஸ்லைடுகளிலிருந்து மட்டும் எடுத்தது. 'பலகையில்' என்று இருக்கும் இடங்கள், முக்கியமாக ஜோடித் தரவுக் கணக்கு, இதில் இல்லை. வகுப்புக் குறிப்பைக் கட்டாயம் பாருங்கள்" என்பது அதில் இரண்டாவது பத்தி.

பாடத்தின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு போடும் உரிமை பேராசிரியைக்கு மட்டும்தான். போட்டார். கீழே என் பெயர் இருந்தது. இரண்டாவது பத்தியைக் காணோம்.

நேராக அவர் அறைக்குப் போனேன்.

"மேடம், அந்தப் பத்தியை ஏன் எடுத்தீங்க?"

"பசங்களை எதுக்கும்மா பயமுறுத்தணும்? இந்த வாரம்தான் நம்ம பாடத்தைப் பத்திப் பசங்ககிட்ட கருத்துக் கணிப்பு வேற எடுக்கறாங்க. ஸ்லைடுல இல்லாததை நான் பரீட்சைல கேட்க மாட்டேன். போய் வேலையைப் பாரு."

மூன்று வருடமாக என்னைக் கூடப் பிறந்தவள் மாதிரி நடத்தியவர். நம்பாமல் என்ன செய்வேன்?

அன்று சாயங்காலமே, நாங்கள் நைட் டூட்டி அக்கா என்று சொல்லும் மாணவி வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகலில் தூங்கினால்தான் ராத்திரி வார்டில் நிற்க முடியும் என்பதால் பாதி வகுப்புக்கு வந்ததில்லை. இந்தப் பாடத்தில் இரண்டு முறை கோட்டை விட்டவர். மூன்றாவது முறையும் போனால் படிப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள். என்னைவிடப் பெரியவர், ஆனால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"டீச்சர், இது போதுமா? மத்தவங்க நோட்டை வாங்கிப் படிக்கணுமா?"

"போதும்க்கா. மேடம்கிட்டயே கேட்டுட்டேன்."

தேர்வில் நிறைய மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. ரத்த அழுத்தம் உள்ள சில நோயாளிகள். மாத்திரைக்கு முன் அளந்தது, பின் அளந்தது. மாத்திரை வேலை செய்கிறதா? பச்சையான ஜோடித் தரவு. தொகுப்பை மட்டும் படித்தவர்கள் அதில் இருந்த சூத்திரத்தை, இரண்டு வெவ்வேறு கூட்டத்தை ஒப்பிடும் சூத்திரத்தை, அப்படியே போட்டுவிட்டார்கள். அக்காவும்தான். 

புகார் போனது. துறைத்தலைவர் பேராசிரியையையும் என்னையும் அக்காவையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பலகைல போட்டதைப் படிக்கணும்னு சொல்லச் சொல்லித்தான் நான் இவகிட்ட சொன்னேன் சார்," என்றார் பேராசிரியை, குரலில் அவ்வளவு கனிவு. "கடிதம் இவ எழுதினது. பாவம், சின்னப் பொண்ணு, விட்டுப்போச்சு."

 நடந்த எல்லாவற்றையும் கொட்டினேன். நான் அனுப்பிய வரைவையும் காட்டினேன். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வரைவு ஆயிரம் இருக்கும்மா. போனது உங்க பேருல போயிருக்கு. தப்புன்னு தெரிஞ்சப்ப மாணவர்களுக்குச் சொன்னீங்களா?"

"மேடம் கேட்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்தாங்க சார்."

"நான் எப்பம்மா சொன்னேன்?" என்றார் பேராசிரியை. என் முகத்தைப் பார்த்தேதான் சொன்னார். அதுதான் இன்னும் ஆறவில்லை.

மதிப்பெண் மாறாது என்று முடிந்தது. அக்காவுக்கு மூன்றாவது முறையும் போயிற்று. வெளியே வரும்போது பேராசிரியை என் தோளில் கை வைத்தார். "மனசுல வெச்சுக்காத. அடுத்த வருஷத்துக்கும் அதே தொகுப்பு போதும், கடிதத்துல தேதியை மட்டும் மாத்திடு."

"உங்க பேருல போடுங்க மேடம்," என்றேன். கையை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அந்தக் கணக்கை எப்படித்தான் டீச்சர் போடணும்?"

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்க வேண்டும். பிறகு அந்த வித்தியாசங்களை மட்டும் வைத்துச் சராசரி, திட்ட விலக்கம், சோதனை எல்லாம். அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, மீதியை அவரே போட்டு முடித்தார். விடை சரி.

"அவ்வளவுதானா? ஒரே ஆளு, முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு. வார்டுல தினம் இதைத்தானே பார்க்கறேன்." காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அந்தக் கடிதத்துல ஒரு வரி எழுதியிருந்தா போதுமே டீச்சர். யார்கிட்டயாவது நோட்டை வாங்கியிருப்பேன்."

எழுதியிருந்தேன் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். துறைத்தலைவர் அறையில் நான் அதைத்தான் சொன்னேன், அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் நம்பவில்லை.