கைபடாத நாற்பத்தோராயிரம்

"ஆனா அங்கிள், அதுல ஒரு டாலர்கூட நாங்க எடுக்கலையே" என்றாள் ஜெயலீலா.

ஹூஸ்டனின் தென்கோடியில் ஒரு சிறிய சேமிப்பு வங்கி. அதன் கடன் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கும் அரியரட்ணம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கொழும்பிலும் வங்கியில் இருந்தவர். கெட்ட செய்தியை அவசரப்படாமல் சொல்வது அவருக்குத் தொழிலோடு வந்த பழக்கம்.

"எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. ஆனா எடுக்க ஏலும். வீட்டுக்குக் கையெழுத்து வைச்ச அடுத்த நாள் காலமை ஆறு கிரெடிட் அட்டையையும் கொண்டுபோய் முழுக்க எடுத்தா, என்னட்டை ஒரு ஆளும் கேக்க மாட்டினம். காசு தாறம் எண்டு அந்தக் கொம்பனியள் உங்களுக்கு ஏற்கெனவே வாக்குக் குடுத்தாச்சு. வாக்கு உங்கட கையில இருக்கு. அதைத்தான் நாங்கள் கடன் மாதிரிக் கணக்குப் பாக்கிறம்."

அவர் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். இருவரின் மாதச் சம்பளம் வரிக்கு முன் ஐயாயிரத்து இருநூறு. வங்கியின் விதிப்படி எல்லாத் தவணைகளும் சேர்ந்து அதில் முப்பத்தாறு விழுக்காட்டை, அதாவது ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டைத் தாண்டக்கூடாது. வீட்டுக்கு ஆயிரத்து நானூற்று இருபது, காருக்கு முந்நூற்று எண்பது. அதுவரை சரியாக இருந்தது. அதன்கீழே ஆறு கிரெடிட் கார்டுகள். அவற்றின் வரம்பு மொத்தம் நாற்பத்தோராயிரம். முழுவதையும் எடுத்துவிட்டால் மாதாமாதம் கட்டவேண்டியதை ஐந்து விழுக்காடு என்று வைத்து, இரண்டாயிரத்து ஐம்பது எனச் சிவப்பில் எழுதியிருந்தது.

"மற்ற பாங்குகள்ல இப்படிப் பாக்கமாட்டாங்களாமே?"

"கனபேர் பாக்கிறேல்லை. உண்மையில எடுத்த காசுக்கு வாற தவணையை மட்டும் பாப்பினம். அவை கடனைக் குடுத்துட்டு வேற ஆளுக்கு வித்துப்போடுவினம். நாங்கள் முப்பது வருசம் எங்கட கையிலேயே வைச்சிருக்கிறம். அதால எங்களுக்குப் பயம் அவையை விடக் கூட."

மற்ற வங்கிகள் இரண்டு, கிரீன் கார்டு வந்தபின் வாருங்கள் என்று முன்பே அனுப்பியிருந்தன. இது மூன்றாவது. ஆண்டு 1996. ஒப்பந்தப்படி அந்த வார வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் கடன் உறுதியாகாவிட்டால், பேர்லேண்டில் பார்த்த வீடு அடுத்தவருக்குப் போய்விடும். அந்த வீட்டில் படிகள் கிடையாது. முன்பு குடியிருந்தவர் சக்கர நாற்காலிக்காரர்; கதவுகளை அகலமாக்கி, குளியலறைவரை சரிவுப்பாதை போட்டிருந்தார். ஜெயலீலாவின் மகள் ரெபெக்காவுக்கு ஒன்பது வயது. தசைகள் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கும் நோய். இப்போது இருக்கும் அபார்ட்மெண்ட் இரண்டாம் மாடியில்; பதினெட்டுப் படிகள். கணவன் சைலஸ் மகளைத் தூக்கி இறங்கும்போது சென்ற மாதம் ஒருமுறை முழங்கால் மடங்கி, இருவரும் சுவரோடு சரிந்தார்கள்.

"நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல, அங்கிள்" என்றாள் ஜெயலீலா.

"உங்களைப் பற்றி இல்லை, பிள்ளை. அட்டையளை மூடுங்கோ. எல்லாம் சரிவரும்."

இத்தனை அட்டைகள் வந்த கதை எளிமையானது. அமெரிக்கா வந்த புதிதில், ஊர்க்காரர்கள் ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதெல்லாம் ஒரே உபதேசம் செய்தார்கள்: இந்த நாட்டில் கடன் வரலாறு இல்லாதவன் மனிதனே அல்ல, கிடைக்கிற அட்டையை எல்லாம் வாங்கு, தொடாமல் வை. சைலஸ் அப்படியே வாங்கி, அப்படியே தொடாமல் வைத்தான். தவறு செய்யாமலிருக்க அவன் எடுத்துக்கொண்ட கவனமே இப்போது தவறாகிவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை, ஆய்வகத்தில் அரைநாள் விடுப்பெடுத்து, சைலஸ் ஓர் உறையோடு ஜெயலீலாவையும் கூட்டிக்கொண்டு வங்கிக்கு வந்தான். உறையைக் கவிழ்த்ததும் மேசையில் பிளாஸ்டிக் துண்டுகள் சிதறின.

"எல்லாத்தையும் கட் பண்ணிட்டேன் அங்கிள். முடிஞ்சுது."

அரியரட்ணம் சிரிக்கவில்லை. "தம்பி, நீர் வெட்டினது பிளாஸ்டிக்கை. கணக்கு அங்கை உயிரோட இருக்கு. ஒவ்வொரு கொம்பனிக்கும் போன் எடுத்து, கணக்கை மூடிப்போட்டம் எண்டு எனக்கு ஃபாக்ஸ் அனுப்பச் சொல்லும். கடன் அறிக்கையில மாறி வர ஒரு மாசம் செல்லும். கடிதம் இருந்தாப் போதும்." பிறகு துண்டுகளைப் பொருத்தத் தொடங்கினார். ஒன்று, இரண்டு... ஐந்து. "இதில அஞ்சுதானே இருக்கு? பதினாலாயிரம் லிமிட் உள்ளதைக் காணேல்லை."

"வீட்ல எங்கயோ கிடக்கும்" என்றான் சைலஸ். ஜெயலீலா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் துண்டுகளை உறைக்குள் திரும்ப அள்ளிக்கொண்டிருந்தான்.

அன்று மாலைக்குள் ஐந்து கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. ஆறாவது போகவில்லை. அது ஒன்றே மாதம் எழுநூறாகக் கணக்கில் நின்றது. அது நிற்கும்வரை வீடு இல்லை. கணக்கு சைலஸின் பெயரில் இருந்ததால் வேறு எவரும் அதை மூடமுடியாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் தொலைபேசியை அவன்முன் வைத்தாள். "இப்ப கால் பண்ணுங்க."

"அது ஒண்ணு இருக்கட்டுமே, லீலா."

"எதுக்கு?"

அவன் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினான். "அண்ணன் லாரி ட்யூ ஏழு மாசம் கட்டல. திங்கக்கிழமை ஃபைனான்ஸ்காரன் வண்டியத் தூக்கிருவான். வீடு க்ளோஸ் ஆனதும் இதுல கேஷ் எடுத்து அனுப்புறேன்னு சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்ட மறுநாளே."

மறுநாளே. அரியரட்ணம் சொன்ன அதே காலைப்பொழுது. யாரோ முகமறியாத ஏமாற்றுக்காரனுக்காக எழுதப்பட்டதென்று அவள் கோபப்பட்ட விதி, தன் சமையலறையில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதனை எப்போதோ அறிந்திருந்தது. கைபடாத பணம் என்று அவள் வாதாடியது ஏற்கெனவே செலவழிந்திருந்தது.

"பதினாலாயிரம் எடுத்தா மாசம் எழுநூறு எங்கேயிருந்து கட்டுவீங்க? பிசியோதெரபிய நிப்பாட்டியா?"

"அவன்தான் லீலா என்னைப் படிக்க வச்சான்."

"தெரியும். இவளைப் படியில யாரு தூக்குவா? அடுத்த வருஷம்? அதுக்கடுத்த வருஷம்?"

உள்ளறையிலிருந்து ரெபெக்கா, "டாட், ஆர் யூ கைஸ் ஃபைட்டிங்?" என்று கேட்டாள்.

ஒன்பதரைக்கு அவன் எண்களை அழுத்தினான். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் வருந்தினாள். இவ்வளவு நல்ல வாடிக்கையாளரை இழக்க மனமில்லை, வரம்பைப் பதினெட்டாயிரமாக உயர்த்தித் தருகிறோம் என்றாள். சைலஸ் கண்களை மூடிக்கொண்டு, வேண்டாம் என்றான். அவள் மறுபடி கேட்டாள். மறுபடி வேண்டாம் என்றான். பதினொன்று ஐம்பதுக்கு அரியரட்ணம் அழைத்தார்: "ஃபாக்ஸ் வந்திட்டுது, பிள்ளை. ஒப்புதல் போட்டாச்சு. வீட்டை விக்கிற ஆளுக்கும் அறிவிச்சாச்சு."

"நன்றி அங்கிள்" என்றாள் ஜெயலீலா.

நாகர்கோவிலில் இரவு பதினொன்றரை இருக்கும். சைலஸ் அண்ணன் சுந்தர்சிங்கின் எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்தார். அருகிலேயே காத்திருந்திருக்க வேண்டும்.

"ஏலே சைலஸு, வீடு முடிஞ்சிட்டா? துட்டு எப்பம் அனுப்புவ?" சுந்தர்சிங்கின் மகிழ்ச்சி அறை முழுவதும் கேட்டது.

சைலஸ் ரிசீவரைக் காதிலிருந்து இறக்கினான். ஜெயலீலா ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"அத்தான், நான் லீலா. அந்தக் கார்ட நாந்தான் மூடச் சொன்னேன். பணம் வராது. அவங்களத் திட்டாதீங்க."

"சரிம்மா" என்றார் சுந்தர்சிங். "அப்ப திங்கக்கிழமை வண்டிய எடுத்துட்டுப் போயிருவாவ." பிறகு, இன்னும் மெதுவாக: "புது வீட்டுல புள்ளைக்குப் படி இல்லல்லா?"

"ஒண்ணுகூட இல்ல, அத்தான்."

அவர் ரிசீவரை வைத்துவிட்டார்.