பசுவைவிட ஐந்து மதிப்பெண் குறைவு

நீட் மாதிரித் தேர்வில் சுகிர்தா இயற்பியலுக்கு வாங்கியது மைனஸ் ஐந்து. அவள் அப்பா சுவாமிநாதன் அந்தத் தாளை மூன்று முறை படித்தார்.

"ஒண்ணுமே எழுதலன்னா எவ்வளவும்மா?"

"பூஜ்யம்."

"அப்ப நம்ம செவலப் பசு உன்னைவிட அஞ்சு கூட."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அசந்துபோய்ச் சுரக்குடி ஊர் முழுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுச் செந்தில்குமார் வாழைப்பழத்தோடு வந்து பசுவைப் பாராட்டினார்.

இரண்டு நாள் சுகிர்தா புத்தகத்தையே தொடவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து ஊரான பூவத்திலிருந்து ஒருவர் வந்து, "மாடு எந்த கோச்சிங்ல படிக்குதுங்க?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்ததும் தாளை எடுத்தாள்.

சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். நாற்பத்தைந்து கேள்விகளில் எட்டு சரி, முப்பத்தேழு தவறு. தவறுகளில் இருபத்தைந்து குருட்டாம்போக்கில் குறித்தவை. அவற்றை விட்டிருந்தால் இருபது மதிப்பெண். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் என்று எழுதி வைத்திருந்த அட்டவணையைக் கிழித்தாள். இயற்பியலுக்கு இரண்டே மணி நேரம், வாரம் இரண்டு பாடம், அவற்றில் பழைய கேள்விகள், தப்புகளுக்குத் தனி நோட்டு என்று மாற்றினாள்.

அடுத்த மாதத் தேர்வில் இருபது கேள்விதான் தொட்டாள். பதினாலு சரி, ஆறு தவறு, ஐம்பது மதிப்பெண்.

"இருவத்தஞ்சு கேள்விய அப்படியே விட்டுட்டியா?" என்றார் அப்பா, பதறி.

"அதுல நாலு ஒளியியல்ப்பா. நாளைக்கு அதைத்தான் ஆரம்பிக்கிறேன்."