லாக் எடுக்க முடியாத வீடுகள்

கடல் எடுத்த வீடுகளைப் பற்றிய ஆய்வு ஏறக்குறைய தொடங்காமலே போயிருக்கும். பொழியூர்க் கடற்கரையில் வீடிழந்தவர்களைக் கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூட முகாமில் தங்க வைத்திருந்தார்கள். அங்கே போனதால் அவர்களுடைய வருமானம் எவ்வளவு குறைந்தது என்று மறுவாழ்வுக் குழு கேட்டிருந்தது. பதில் மழைக்காலத்துக்கு முன்பு வேண்டும் என்றார்கள். திருவனந்தபுரத்தில் இருந்த சிறிய ஆய்வு மையம் ஒன்று அந்த வேலையை எடுத்தது. அங்கே புள்ளியியல் பார்ப்பவள் அனகா. பாறசாலைக்காரி.

முகாமில் உள்ளவர்களையும், இன்னும் கரையிலேயே இருக்கிறவர்களையும் ஒப்பிட வேண்டும். வருமானம் முப்பது சதவீதம் குறைந்திருந்தால் அதைத் தவறவிடாமல் காட்டுவதற்கு எத்தனை வீடுகள் கேட்க வேண்டும் என்று அவள் முதலில் கணக்குப் போட்டபோது, இரண்டு பக்கமும் சேர்த்துத் தொள்ளாயிரத்துக்கு மேல் வந்தது.

"இது நடக்காது அனகா," என்றார் இயக்குநர் ஜெயசிங். "நம்மட்ட ஆளு நாலு பேரு. இருநூறு வீடு ஏறி இறங்கினாலே பெரிசாக்கும். வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருவோம்."

அனகா முன்னோட்டமாக எடுத்த நாற்பது வீட்டு விவரத்தைத் திரையில் விரித்துக் காட்டினாள். பெரும்பாலான வீடுகள் மாதம் பத்தாயிரம் ரூபாயைச் சுற்றியே நின்றன. மூன்று வீடுகள் மட்டும் வெகுதூரத்தில், லட்சத்தைத் தாண்டி இருந்தன. சொந்தமாக இரண்டு வள்ளம் வைத்திருப்பவர்கள் அவர்கள்.

"இந்த மூணு பேராலதான் சார் எண்ணிக்கை இப்படி ஏறுது. சராசரியிலேருந்து ஒவ்வொருத்தரும் எவ்வளவு விலகி நிக்காங்கங்கறதை இவங்க ஊதி விட்டுடறாங்க. அந்தச் சிதறலுக்குள்ள முப்பது சதவீதம் தெரியணும்னா நூற்றுக்கணக்கில ஆளு வேணும்."

"அவங்களை எடுத்து வெளியே மாத்திட்டா?"

"மாத்தக்கூடாது. அவங்களும் அந்த ஊருதான். வருமானத்துக்கு லாக் எடுப்போம், பள்ளிக்கூடத்துல படிச்ச மடக்கைதான். அப்போ பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் உள்ள தூரமும், ஒரு லட்சத்துக்கும் ரெண்டு லட்சத்துக்கும் உள்ள தூரமும் ஒண்ணாயிடும். நம்ம கேள்வியே எத்தனை மடங்கு குறைஞ்சுதுன்னுதானே? லாக்குல மடங்கு, வெறும் வித்தியாசமா மாறிடும். நீண்டு கிடக்கிற வாலு சுருங்கும். சிதறலும் குறையும்."

அவள் மறுபடி கணக்கிட்டாள். ஒரு பக்கத்துக்கு நூற்றிரண்டு வீடு. இரண்டும் சேர்த்து இருநூற்று நான்கு.

ஜெயசிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல ஏமாத்து ஒண்ணும் இல்லல்லா?"

"இல்ல சார். ஒண்ணு மட்டும் நினைவு வச்சுக்கணும். இது சாதாரணமா ஒரு வீட்டுக்கு எவ்வளவு குறைஞ்சுதுன்னு சொல்லும். ஊருக்கு மொத்தம் எத்தனை கோடி நஷ்டம்னு கேட்டா, இதைப் பெருக்கிச் சொல்ல முடியாது."

அப்படித்தான் அந்த ஆய்வு தொடங்கியது.

முகாமில் கேள்வி கேட்க, மையத்தில் கணக்கெடுக்கும் பிபினோடு அனகாவும் போனாள். ஒரு வகுப்பறையை நான்கு குடும்பங்கள் சேலை கட்டிப் பிரித்துக்கொண்டிருந்தன. கரும்பலகையை ஒட்டிய பங்கில் ஜிஜா இருந்தாள். முப்பது வயதிருக்கும். அவளுடைய மகள் சோனா தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அனகா தன் பெயரையும் ஊரையும் சொன்னதும் ஜிஜா அவளை உற்றுப் பார்த்தாள். "பாறசாலையில விஜயம்மா மாமிக்க மகளா? உங்க வீட்டுக்கு எத்தனை நாளு மீன் கொண்டு வந்திருக்கேன்! அம்மை நெத்தோலியக் கண்டா விடமாட்டா."

அனகாவுக்கும் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. வாசலில் கேட்ட குரல், முகம்தான் தெரியாமல் இருந்தது.

"இப்போ வியாபாரம் இல்லையா?"

"எப்படிப் போறது சேச்சி? வெளுக்கும் முன்ன கரையில மீன் ஏலம் முடிஞ்சிரும். இங்கேருந்து முதல் பஸ்ஸு அதுக்குப் பிறகாக்கும் வருது. ஆட்டோவுக்குக் கொடுத்தா பின்ன மீனுல என்ன மிச்சம்? அவரு மங்களூருக்கு மீன்பிடி போட்டுல வேலைக்குப் போறேன்னு போனாரு. போனு எடுக்கல."

பிபின் தயங்கித்தான் கேட்டான். "போன மாசம் வீட்டுக்கு எல்லா வழியிலயும் சேர்த்து எவ்வளவு வருமானம்?"

"சைபரு."

"சின்னதா ஏதாவது... யாராவது கொடுத்தது..."

"கஞ்சி இங்க உண்டு, அரிசி உண்டு. கையில ஒண்ணும் வரல. சைபருன்னு எழுது மக்கா. எழுத உனக்கு எதுக்கு நாணம்?" அவள் அனகாவிடம் திரும்பினாள். "இதையும் கணக்குல சேப்பீங்கல்லா?"

"எல்லாருடையதும் சேரும்," என்றாள் அனகா. அப்போது அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

விவரம் முழுவதும் வந்து சேர்ந்த அன்று கணினி முகாம் பக்கத்தில் எண்பத்தெட்டு வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. அனகா முதலில் தன் கட்டளையில்தான் பிழை என்று நினைத்தாள். பிறகு புரிந்தது. மீதிப் பதினான்கு வீடுகளின் வருமானம் பூஜ்யம். பூஜ்யத்துக்கு லாக் கிடையாது. கரைப்பக்கம் அப்படி இரண்டு வீடுகள்தான்.

முன்னோட்ட விவரத்தை அவர்கள் ஏலக்கூடத்தில் வைத்து எடுத்திருந்தார்கள். ஏலத்துக்கு வருகிறவர்கள் ஏதோ சம்பாதிக்கிறவர்கள். பூஜ்யம் என்று ஒருவரும் அங்கே வர நியாயமில்லை. அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். கரும்பலகையும் சேலைத் தடுப்பும் கண்ணுக்குள் வந்தன.

"எல்லாருக்கும் ஒரு ரூபா கூட்டிக்கோ," என்றார் ஜெயசிங். "எல்லா இடத்திலயும் செய்யுறதுதானே. பிறகு லாக் எடு."

அவள் செய்து காட்டினாள். ஒரு ரூபாய் கூட்டினால் முகாம்காரர்களின் வருமானம் எழுபத்தேழு சதவீதம் குறைவு என்று வந்தது. ஆயிரம் ரூபாய் கூட்டினால் நாற்பத்தெட்டு.

"பாருங்க சார். லாக்குல ஒரு ரூபாங்கறது மத்த எல்லாரையும் விட்டு எங்கேயோ கீழே கிடக்குது. நாம எதைக் கூட்டுறோமோ அதுதான் பதிலைச் சொல்லுது. அந்த மனுசங்க சொல்லல. குழுவுல ஒருத்தரு ஏன் ஒரு ரூபான்னு கேட்டா நம்மட்ட பதில் இல்ல. மொத்த ஆய்வையும் தூக்கித் தூரப் போட்டுடுவாங்க."

"பின்ன என்ன செய்யப் போற?"

"ரெண்டா எழுதுவேன். சம்பாதிக்கிற வீடுகளில சாதாரண வருமானம் எவ்வளவு குறைஞ்சுதுன்னு ஒண்ணு. ஒண்ணுமே வராத வீடு எத்தனைன்னு இன்னொண்ணு. ரெண்டும் ஒரே அளவு முக்கியம்."

அதுதான் சரியான வழி. அதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை, பின்னாலும் வரவில்லை. அறிக்கையின் முதல் வாக்கியம்: வருமானமுள்ள வீடுகளில் முகாமில் இருப்பவர்களுடைய சாதாரண வருமானம் கரையில் இருப்பவர்களைவிட முப்பத்தாறு சதவீதம் குறைவு, உண்மையான குறைவு பதினேழிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் இருக்கலாம். இரண்டாவது வாக்கியம்: முகாமில் நூற்றிரண்டு வீடுகளில் பதினான்கில் வருமானமே இல்லை, கரையில் இரண்டில்தான்.

குழு கூடியது நெய்யாற்றின்கரையில், ஒரு அரசு அலுவலகத்தின் மாடியில். செயலாளர் முதல் வாக்கியத்தை இரண்டு தடவை உரக்க வாசித்தார். முப்பத்தாறு என்பது அவருக்குப் பிடித்திருந்தது. கையில் பிடித்துக்கொள்ள ஓர் எண் கிடைத்துவிட்டது. குறைந்த வருமானத்தை ஈடுகட்ட, இப்போது காட்டியிருக்கும் வருமானத்தை வைத்து மாதப்படி கொடுக்கலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"சார், இரண்டாவது வாக்கியம்," என்றாள் அனகா.

"அதைப் பார்த்தேன். அவர்களுக்கு வருமானம் இல்லை என்கிறீர்கள். இல்லாத வருமானத்தில் எத்தனை சதவீதம் கொடுப்பது?"

"அவங்க முகாமுக்கு வர்றதுக்கு முன்னாடி சம்பாதிச்சுக்கிட்டு இருந்தவங்க சார். முழுசும் போனவங்க. அதிகமா இழந்தது அவங்கதான்."

"ஆனால் உங்கள் முப்பத்தாறில் அவர்கள் இல்லையே."

"இல்லை."

"அப்படியானால் அடுத்த கட்டத்தில் பார்ப்போம்." அவர் கெட்ட மனிதரல்ல. தேநீர் வந்தபோது அவளுடைய கோப்பையை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அனகா அன்றே பதினான்கு வீடுகளுக்கும் தனியாக ஒரு மனு எழுதி, ஜெயசிங்கின் கையெழுத்தையும் வாங்கி அனுப்பினாள். வாரம் தவறாமல் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கோப்பு மேலே போயிருக்கிறது என்றே பதில் வந்தது.

ஜூனில் இடவப்பாதி மழை பிடித்த பிறகு ஒரு நாள் முகாமுக்குப் போனாள். ஜிஜா சோனாவின் உடுப்புகளை ஒரு பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எர்ணாகுளத்துல ஒரு வீட்டுல வேலை கிடைச்சிருக்கு சேச்சி. கிடப்புல கிடக்க ஒரு வயசான அப்பச்சனைக் கவனிச்சு நோக்கணும். அங்கேயே தங்கணும். பிள்ளையக் கொண்டு போக ஒக்காது."

"சோனா?"

"நெய்யாற்றின்கரையில சிஸ்டர்மாருக்க போர்டிங்குல இடம் தந்திருக்காவ."

சோனா தலையைத் தூக்கவில்லை. தன் பென்சில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல எல்லாவருக்கும் மாசப்படி வந்தாச்சு," என்றாள் ஜிஜா. "எங்களுக்கு வரல. அன்னைக்கு நான் சொன்னதை எழுதலியா?"

"எழுதினேன் ஜிஜா. மத்தவங்க கணக்கோட ஒண்ணா சேர்க்க முடியல. அந்தக் கணக்கு அப்படி. ஒண்ணுமே இல்லாத வீட்டை அதுக்குள்ள கொண்டு வர வழியில்ல. அதனால தனியா எழுதினேன். அவங்க முதல்ல உள்ளதை மட்டும் எடுத்துக்கிட்டாங்க."

ஜிஜா இன்னொரு பாவாடையை மடித்துப் பைக்குள் வைத்தாள். கோபம் வரும் என்று அனகா எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அப்போ நான் ஒரு நூறு ரூபா வந்துதுன்னு பொய் பறஞ்சிருந்தா உள்ள வந்திருப்பேன். இல்லியா?"

வந்திருப்பாள் என்பது உண்மை. அந்த நூறு ரூபாய்க்கு லாக் உண்டு.

"நான் ஏன் பொய் பறயணும்," என்று ஜிஜா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து மூடினார்கள்.

ஆணை கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், வந்தது. வருமானமே இல்லாத குடும்பங்களுக்கும் மாதப்படி உண்டு என்று அதில் இருந்தது. அனகா அலுவலகத்திலேயே எழுந்து நின்று அதை வாசித்தாள். பிபின் கைதட்டினான். பட்டியலில் பதினான்கு பெயர்களில் பதின்மூன்று ஏற்கப்பட்டிருந்தன. ஜிஜாவின் பெயருக்கு எதிரே, முகாமில் தங்கியிருக்கவில்லை என்று எழுதி அடித்திருந்தார்கள். அனகா செயலாளரை அழைத்துப் பேசினாள். விதிமுறை அப்படி என்றார் அவர். முகாமுக்குத் திரும்பி வந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்.

அன்று மாலை அவள் ஜிஜாவைப் போனில் கூப்பிட்டாள். மறுமுனையில் ஒரு கிழவர் இருமிக்கொண்டே இருந்தார்.

"திரும்பி வந்தா கிடைக்கும்னு சொல்றாங்க."

"வந்து எத்தனை மாசம் காத்திருக்கது சேச்சி? இந்த வேலையும் போயிரும். வேண்டாம்." இருமல் அதிகமானது. "இருங்க, அப்பச்சனுக்குக் குடிக்க வெள்ளம் கொடுத்துட்டு வாறேன்."

அனகா காத்திருந்தாள். ஜிஜா திரும்பி வந்தபோது குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

"சேச்சி, ஒரு உபகாரம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பாக்க ஆளு வரும். சோனாவுக்கு யாரும் இல்ல. உங்களுக்குப் பக்கமல்லா, பாறசாலையிலேருந்து..."

"போறேன்."

"ஆரு வந்திருக்குன்னு சிஸ்டரு கேட்டா, சொந்தம்னு பறஞ்சா போதும்."

ஞாயிற்றுக்கிழமை மழை விடவில்லை. போர்டிங்கின் வரவேற்பறையில் மற்றப் பிள்ளைகள் தாய்மாரின் மடியில் கிடந்தார்கள். சோனா பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அனகா கொண்டு போன பழத்தை வாங்கி, தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மை எப்போ வரும்?"

எத்தனையோ பேர் கேட்ட கேள்விகளுக்கு அனகா அளந்து பதில் சொல்லியிருக்கிறாள். தெரியாது மக்கா என்று சொல்லி, கொஞ்சம் நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.