புள்ளி வைக்காத பெயர்

ஆஸ்பத்திரியின் வேகப் படுக்கை விரிப்புப் போட்டியில் போன வருடம் ஜெயித்தது சலவைப் பிரிவுதான். ஆனால் துப்புரவுப் பிரிவின் அணியில் வாலாகச் சேர்ந்து ஓடியதால், கேடயத்தில் அவர்கள் பெயர் ‘மற்றும் பலர்’ என்று விழுந்தது. துணி மடிக்கும் மடிப்பக்கா அதைப் படித்துவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. இந்த வருடம் தனி அணி. நாலு மணிக்குள் பெயர் கொடுக்காவிட்டால் மறுபடியும் வால்.

மணி மூன்று. மடிப்பக்கா நோட்டீஸை உரக்கப் படித்தாள்.

“பேரு அகராதியில இருக்கிற சொல்லா இருக்கணுமாம். அதோட ஒவ்வொரு எழுத்துலயும் ஒரு வார்த்தை ஆரம்பிக்கணுமாம். சேத்துப் படிச்சா நம்ம வேலையைச் சொல்லணுமாம். பேரையே விளக்கத்துக்குள்ள போடக் கூடாதாம்.”

“நம்ம பட்டப்பேரோட முதலெழுத்த எடுத்துக் கோத்துட்டாப் போச்சு” என்றார் மெஷின் ஓட்டும் சோப்பண்ணன்.

சோப்பு, மடிப்பு, தள்ளுவண்டிக்காரன் தள்ளு, நீராவி இஸ்திரி போடும் ஆவி. ‘ஆ’ நடுவில் உட்கார மாட்டேன் என்றது. முன்னால் வைத்தார்கள்.

“ஆமதசோ” என்று படித்தான் தள்ளு.

“காய்ச்சல்ல உளர்ற மாதிரி இருக்கு” என்றான் ஆவி. நால்வருக்கும் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. சோப்பண்ணன் சிரித்த சிரிப்பில் ஈரப் போர்வை மூட்டை மேல் சரிந்தார்.

மடிப்பக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தலைகீழாப் போவோம். மொதல்ல நல்ல சொல்லப் புடிப்போம். அப்புறம் எழுத்துக்கு வார்த்தை தேடுவோம்.”

“சுத்தம்!”

“நடுவுல ‘த்’, கடைசில ‘ம்’. புள்ளி வச்ச எழுத்துல எந்த வார்த்தைய்யா ஆரம்பிக்கும்?”

“தூய்மை?”

“‘ய்’ இருக்கு.”

“வெண்மை?”

“‘ண்’ இருக்கு. சுத்தமான சொல்லுக்கெல்லாம் மேல புள்ளி விழுந்திருக்கு, கறை மாதிரி.”

“அப்போ கறைன்னே வைப்போம்” என்றான் தள்ளு.

“‘றை’யில ஒரு வார்த்தை சொல்லு, உனக்கு டீ வாங்கித் தரேன்.”

தள்ளு கூரையைப் பார்த்தான். டீ கிடைக்கவில்லை.

புள்ளியில்லாமல், இடக்கு எழுத்து இல்லாமல், அழகாகப் பொருந்திய முதல் சொல்லை ஆவி கண்டுபிடித்தான். “தூசி! தூக்குவோம், சிரிப்போம்!”

“சலவைப் பிரிவுக்கு தூசின்னு பேரா? உன் வாயில இஸ்திரிப் பெட்டிய வைக்க!”

அடுத்தது சோப்பண்ணன். “துவை! துவைத்து வைப்போம்.” எல்லோரும் கைதட்டினார்கள். மடிப்பக்காவும் தட்டினாள், பாதியில் நிறுத்தினாள். பெயரே விளக்கத்துக்குள் மூக்கை நீட்டியிருந்தது.

மூணே முக்கால். விண்ணப்பத்தாள் அடித்தல் திருத்தலில் கறுத்துவிட்டது. இன்னொரு ‘மற்றும் பலர்’ வந்தால் மடிப்பக்கா தாங்க மாட்டாள், அது அவளுக்கே தெரியும்.

ஆவி பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “யக்கா, இதெல்லாம் நமக்குத் தேவையா?”

மடிப்பக்கா அவனையே முறைத்தாள். பிறகு விரல் மடக்கினாள். “தே. வை.”

“என்ன?”

“தேய்த்து வைப்போம்!”

“அப்போ துவைக்கிறது?” சோப்பண்ணன் முகம் சுருங்கியது. “இஸ்திரி மட்டும்தான் வேலையா?”

“நீங்க கறையைத் தேய்க்கலையா அண்ணே? அதுவும் தேய்க்கிறதுதான், அவன் பெட்டி தேய்க்கிறதும் தேய்க்கிறதுதான். நான் மடிச்சு வைக்கிறேன், தள்ளு வார்டுல கொண்டுபோய் வைக்கிறான். ரெண்டே வார்த்தை, நாலு பேரும் உள்ள!”

தள்ளு காலி வண்டியில் ஏறி நின்று ஆடினான். வண்டி தானாக நகர்ந்து துணி உலர்த்தும் மெஷினில் மோதியது.

வேறு தாள் இல்லை. சோப்பும் சொட்டு நீலமும் கேட்டு ஸ்டோருக்குப் பட்டியல் எழுதும் நோட்டில் ஒரு பக்கம் கிழித்து எழுதினாள்: சலவைப் பிரிவு. தேவை. நால்வர். கீழே பொடி எழுத்தில் விளக்கம். தள்ளு ஓடிப்போய் அலுவலகத்தில் போட்டுவிட்டு வந்தான்.

நாலுக்கு ரெண்டு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. மடிப்பக்கா எடுத்தாள். அலுவலகக் குமாஸ்தா.

“என்னம்மா, நாலு பேர் தேவைன்னு எழுதி அனுப்பிருக்கீங்க? புதுசா ஆள் எடுக்கிறதா இல்ல. பட்டியல் நோட்டுத் தாளா இருந்துச்சு, சீட்ட ஸ்டோர் தட்டுல போட்டுட்டேன்.”

“ஐயோ சார், எடுங்க! அது பட்டியல் இல்ல. பேரு!”

“யாரோட பேரு?”

“எங்க பேரு. நாங்கதான் தேவை!”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பொடி எழுத்தைப் படிக்கிறார் போல. “தே... வை...” குமாஸ்தா களுக்கென்று சிரித்தார். “சரி, தனியா ஏத்திட்டேன். பிரிவு, சலவை. அணி, தேவை.”

மடிப்பக்கா போனை வைத்தாள். “ஏத்திட்டாரு” என்றாள். ஆவி நீராவிக் குழாயை ஒரு தரம் ஊத விட்டான், ரயில் கிளம்புகிற மாதிரி.