பக்கத்து ஊருக்குப் போன சமையலறை

பூங்கோதை மனசில் பட்டதைச் சொல்லாமல் "சரிங்க" என்னும்போதெல்லாம் வீட்டில் ஓர் அறை முளைக்கும். எட்டு வருடத்தில் நடை நீண்டுகொண்டே போனது. சமையலறைக்குப் போக தயாளன் இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. அவருக்கு இதில் புகாரில்லை. சண்டையே போடாத மனைவி என்று ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தவர்.

செவ்வாய்க்கிழமை நகராட்சி அதிகாரி வந்தார்.

"உங்க சமையலறை எல்லை தாண்டிடுச்சு. உங்க வீட்டம்மா இனி பக்கத்து ஊர்க்காரங்க."

"இதைத் தடுக்க என்ன செய்யணும்?"

"அவங்க ஒரு தடவை உங்க பேச்சை மறுக்கணும். நான் கேக்கணும். அஞ்சு மணிக்குள்ள."

தயாளனும் அதிகாரியும் பஸ் ஏறினார்கள்.

பூங்கோதை அடுப்படியில் நின்றாள்.

"உனக்கு எதுவும் வருத்தமில்லையே?" என்றார் தயாளன்.

"இல்லீங்க."

"கேள்வியிலேயே பதிலை வெச்சிட்டீங்க," என்றார் அதிகாரி.

"சினிமாவா, கடற்கரையா?" என்று மாற்றிக் கேட்டார் தயாளன்.

"உங்களுக்கு எது தோதோ அது."

தயாளனுக்குப் பொறுமை போயிற்று. "ஏதாவது மறுத்துப் பேசு. நான் சொல்றேன்ல."

"சரிங்க."

பின்னால் ஓர் அறை முளைத்தது. அதில் மின்விசிறிகூட இருந்தது.

"கடைசியா எப்ப மறுத்தாங்க?" அதிகாரி கேட்டார்.

தயாளன் யோசித்தார். கல்யாணமான புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்க அக்கா வீட்டுக்கு இந்த வாரம் வேணாமே என்றாள். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தார். தட்டைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார். நாலாம் நாள் அவள் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். முதல் அறை அன்றுதான் வந்தது. அவர் அதில் பீரோ வைத்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்கு மூணு நாள் பேசாம இருந்தேன். அது தப்பு. அக்கா வீட்டுக்குப் போறது உனக்கு எப்படி இருக்கு?"

வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். குழம்பு கொதித்து அடங்கியது. மணி நாலு ஐம்பத்தெட்டு.

"எனக்குப் பிடிக்கல," என்றாள் பூங்கோதை. "ஒவ்வொரு வாரமும் என் சமையலைக் குத்திக் காட்டுறாங்க. நீங்களும் கூடச் சிரிக்கிறீங்க."

அதிகாரி பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

அப்படியானால் எட்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி தயாளனின் தொண்டை வரை வந்தது. கெட்டிக்காரர், விழுங்கிவிட்டார். ஆனால் புருவம் அவரைக் கேட்காமல் ஒரு நூல் உயர்ந்தது.

பூங்கோதை எட்டு வருடமாகப் படித்துவந்தது அந்தப் புருவத்தைத்தான்.

"சும்மா சொன்னேங்க," என்றாள் உடனே. "உங்க அக்கா தங்கமானவங்க. இந்த வாரமும் போகலாம்."

அதிகாரி எழுதியதை அடித்தார். மணி ஐந்து.

"அம்மா, இனிமே நீங்க இந்த ஊரு. இவர் அந்த ஊரு. உங்களுக்குச் சம்மதம்தானே?"

பூங்கோதை கணவனைப் பார்த்தாள். எப்போதும் போலப் புன்னகைத்தாள்.

"சரிங்க," என்றாள்.

புது அறை எதுவும் முளைக்கவில்லை.