கன்னத்தில் ஒரு முடி

மூன்று வாரமாக, எங்கள் அனிமேஷன் படத்துச் சிறுமி ஓடும்போதெல்லாம் அவள் மேலிருந்த வாட்டர்கலர் திட்டுகள் கொதிக்கும் நீர்போலத் துள்ளிக்கொண்டே இருந்தன. நான் வண்ணம் தீட்டி ஸ்கேன் செய்த வரைதாளைக் கணினி ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாற்றி ஒட்டியதுதான் காரணம்.

"கண்ணு வலிக்குது, யாரெத்! திட்டு அசையாம அவ உடம்போடயே ஓடணும்," என்று மெக்சிகோவின் குவாதலஹாரா நகரிலிருந்த எங்கள் ஸ்டுடியோ முழுக்க நடந்துகொண்டே கத்தினார் இயக்குநர் எவெலியா.

எரிச்சலோடு கணினியில் தாளைச் சிறுமியின் உடம்பிலேயே பொருத்தினேன். கைகால்களோடு திட்டுகளும் சேர்ந்து நகர்ந்தன. கொதிப்பு அடங்கியது.

எவெலியா திரையருகே குனிந்தார். "கன்னத்துல என்னடி அது, மீசையா?"

என் பூனையின் முடி. ஸ்கேன் செய்யும்போதே தாளில் இருந்திருக்கிறது. ஃபிரேமுக்கு ஓரிடமாகத் தாவியதால் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. இப்போது சிறுமி எவ்வளவு வேகமாக ஓடியும் முடி கன்னத்தை விடவில்லை.

"நீங்க கேட்டபடி அசையாம நிக்குது," என்றேன்.